‘பட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் இருக்கும் ஒலியை எந்தக் குறியால் எழுதுவது?

அமெரிக்கர் ஒருவர் தண்ணீர் கேட்கிறார். பள்ளியில் நாம் படித்த ‘வாட்டர்’ அவர் வாயிலிருந்து வருவதில்லை. நம் காதில் விழுவது கிட்டத்தட்ட ‘வாரர்’. வெண்ணெயைக் குறிக்கும் ‘பட்டர்’ ‘பரர்’ போலவும், ‘பெட்டர்’ ‘பெரர்’ போலவும் கேட்கிறது. உச்சரிப்பு வகுப்புக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் இடித்த இடம் இதுதான். அந்த நடு ஒலியை எந்த எழுத்தால் எழுதுவது? அகராதிகளைத் திறந்தால் ஒன்று t என்கிறது, இன்னொன்று t̬ என்கிறது. மொழியியல் நூல்களில் ɾ இருக்கிறது. சுலபமான பயிற்சிப் புத்தகங்கள் d என்றே போட்டுவிடுகின்றன. நான்கும் ஒரே ஒலியைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கிறது. எதை எங்கே எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்ததால் நான்கையும் எழுதிப் பார்த்தேன். அதன் கணக்கைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒலி. மேற்பல்லுக்குப் பின்னால் மேடாக இருக்கும் ஈறை நாக்கின் நுனி ஒரே ஒரு முறை தட்டிவிட்டு உடனே விலகுகிறது. அந்தத் தட்டல் சுமார் 25 முதல் 30 மில்லிசெகண்ட் வரைதான் நீடிக்கும். முன்னும் பின்னும் உயிரொலி இருப்பதால் குரல்நாண்கள் நடுவில் நிற்காமல் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு சொல்லின் தொடக்கத்தில் அழுத்தமாக வரும் t இப்படி இல்லை. அங்கே நாக்கு காற்றை அடைத்து நிறுத்தி, பிறகு மூச்சோடு வெடித்து விடுகிறது. அடைப்பையும் மூச்சையும் சேர்த்தால் 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். இரண்டும் ஒரே எழுத்து என்பதாலேயே ஒரே ஒலி என்று நினைத்துவிடுகிறோம்.

தமிழ் இலக்கணத்தையும் மொழியியலையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு இந்த ஒலியின் பெயர் தெரியும்: வருடொலி. நாக்கு வருடிவிட்டுப் போவதால் அந்தப் பெயர். நம் ‘மரம்’, ‘கரை’ ஆகியவற்றில் வரும் ரகரமும் வருடொலிதான். ஆகவே ‘வாரர்’ என்று நம் காது கேட்பது பிழை இல்லை, மிகச் சரியாகவே கேட்கிறது. அப்புறம் இன்னொன்று: இது t-க்கு மட்டும் நடப்பதல்ல. ஏணியைக் குறிக்கும் ‘லேடர்’ என்ற சொல்லில் உள்ள d-யும் இதே வருடொலியாக மாறுகிறது. ‘இரண்டில் பின்னது’ என்று பொருள்படும் ‘லேட்டர்’ என்ற சொல்லும் ஏணியும் சாதாரணப் பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. d-க்கு முன் வரும் உயிரொலி சில மில்லிசெகண்ட் கூடுதலாக நீள்வதை அளந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறு நீளத்தை வைத்து எந்தச் சொல் என்று கேட்பவர் பிரிப்பது கடினம்.

எங்கே இது நடக்கிறது என்பதற்கு ஒரு விதி உண்டு. முன்னால் உயிரொலியோ r-ஓ இருக்க வேண்டும், பின்னால் உயிரொலி இருக்க வேண்டும், அந்தப் பின் உயிரொலியில் அழுத்தம் இருக்கக் கூடாது. அணுவைக் குறிக்கும் சொல் [ˈæɾəm]. அதிலிருந்து வரும் ‘அட்டாமிக்’ [əˈtʰɑmɪk]. முதலாவதில் அழுத்தம் t-க்கு முன்னால், ஆகவே வருடல். இரண்டாவதில் அழுத்தம் t-க்குப் பின்னால், ஆகவே மூச்சோடு வெடிக்கும் t. சொல்லின் கடைசியில் நிற்கும் t-க்கு மட்டும் இந்த அழுத்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். அடுத்த சொல் அழுத்தமான உயிரில் தொடங்கினாலும் வருடல் வரலாம். ‘அட் ஆல்’ என்பது [əɾ ˈɔl]. ‘உயரமான ஒரு’ என்ற பொருளில் ‘எ டால்’ என்றால் [ə ˈtʰɔl]. எழுத்தில் ஒரு இடைவெளி நகர்ந்ததுதான் வேறுபாடு, ஆனால் ஒலி முழுவதும் மாறிவிட்டது.

இனி நான்கு வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, எதையும் மாற்றாமல் /t/ என்றும் /d/ என்றும் எழுதிவிட்டு, வருடலை விதியிடம் விடுவது. அமெரிக்க உச்சரிப்புக்காகக் கணினித் துறையில் அதிகம் பயன்படும், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சிஎம்யூ உச்சரிப்பு அகராதி இதைத்தான் செய்கிறது. அதன் 39 ஒலியன்களில் வருடொலிக்குத் தனிக் குறி கிடையாது.

```
BUTTER    B AH1 T ER0
LADDER    L AE1 D ER0
POTATO    P AH0 T EY1 T OW2
MILITARY  M IH1 L AH0 T EH2 R IY0
```

உயிரொலிக்குப் பக்கத்தில் உள்ள எண் அழுத்தத்தைக் காட்டுகிறது. 1 என்றால் முதன்மை அழுத்தம், 2 என்றால் துணை அழுத்தம், 0 என்றால் அழுத்தம் இல்லை. பட்டரும் ஏணியும் விதிக்குச் சரியாகப் பொருந்துகின்றன: இரண்டிலும் பின்னால் 0 வருகிறது, ஆகவே வருடல். உருளைக்கிழங்குக்கு வரும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது. ‘பொட்டேட்டோ’வில் இரண்டு t இருக்கின்றன. முதலாவது அழுத்தமான உயிருக்கு முன்னால் நிற்பதால் மூச்சோடு வரும். இரண்டாவது அமெரிக்கர் வாயில் சந்தேகமே இல்லாமல் வருடல்: [pəˈtʰeɪɾoʊ]. ஆனால் அகராதி அதற்குப் பின்னால் 2 என்று போட்டிருக்கிறது. சரி, 2 வந்தாலும் வருடல் என்று விதியைத் தளர்த்தினால், ராணுவத்தைக் குறிக்கும் ‘மிலிட்டரி’ கெட்டுவிடும். அங்கேயும் t-க்குப் பின்னால் 2 தான். ஆனால் அமெரிக்கர் அதை வருடுவதில்லை, தெளிவான t-ஆகச் சொல்கிறார்கள். ஒரே எண், இரண்டு விதமான ஒலி. ‘மிலிட்டரி’யில் அந்த உயிருக்கு உண்மையிலேயே துணை அழுத்தம் உண்டு. ‘பொட்டேட்டோ’வின் கடைசி ஓகாரம் தேயாமல் நிற்கிறதே தவிர அதற்கு அழுத்தம் இல்லை. அகராதியின் எண் இந்த நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டவில்லை.

இதனால் முதல் வழி தவறு என்று சொல்ல வரவில்லை. ஒரு சொல்லின் அடையாளத்தைக் குறிக்க இதைவிடச் சுத்தமான முறை கிடையாது. நிதானமாக, அழுத்தித் திருத்திப் பேசும்போது அமெரிக்கரும் t-யைத் தெளிவாகச் சொல்வதுண்டு. அந்தப் பேச்சையும் சாதாரணப் பேச்சையும் ஒரே குறியால் தாங்க முடிவது இந்த முறையில்தான். ஆனால் நீங்கள் எழுதுவது ‘இந்தச் சொல் எது’ என்பதை. ‘இந்த மனிதர் என்ன ஒலித்தார்’ என்பதை அல்ல. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் வேலையில் /t/ மட்டும் போட்டால், அவர் வருடினாரா வெடித்தாரா என்பது என்றென்றைக்கும் தெரியாமலே போய்விடும்.

இரண்டாவது வழி t̬. t-க்குக் கீழே சிறு ஆப்பு போன்ற குறி. ஜான் வெல்ஸ் 1990-ல் வெளியிட்ட லாங்மன் உச்சரிப்பு அகராதியில் அமெரிக்க உச்சரிப்புக்கு இதைப் பயன்படுத்தினார். கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பக்கத்திலும் அமெரிக்க உச்சரிப்பில் இதையே பார்க்கலாம். அங்கே பட்டர் /ˈbʌt̬.ɚ/. ஆங்கிலம் கற்பவருக்கு இது மிகவும் இணக்கமான குறி என்பது என் எண்ணம். உள்ளே t இருக்கிறது என்பது தெரிகிறது, எழுத்துக்கூட்டலோடு மோதவில்லை. கீழே உள்ள குறி ‘இதை முழு t-ஆகச் சொல்லாதே’ என்று எச்சரிக்கிறது. எந்தச் சொல்லில் வருடல் வரும் என்பதை விதியைப் போட்டுக் கணக்கிடாமலே பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். ‘பொட்டேட்டோ’வும் ‘மிலிட்டரி’யும் இங்கே சிக்கல் தருவதில்லை, ஏனென்றால் அகராதி செய்தவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. ஐபிஏ என்று அழைக்கப்படும் பன்னாட்டு ஒலியெழுத்து முறையில் அந்த ஆப்புக் குறிக்கு ‘குரல் சேர்ந்தது’ என்றுதான் பொருள். நாக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு விலகுகிறது என்பதை அது சொல்லவில்லை. அடைத்து, குரலோடு வெடிக்கும் ஒலி என்றே நேர்ப்பொருளில் படிக்க வேண்டியிருக்கும். இதைவிடப் பெரிய குறை, t-க்கு மட்டும்தான் ஆப்பு. ஏணிக்கு அதே அகராதி வெறும் d போட்டு /ˈlæd.ɚ/ என்கிறது. ஆக, ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு சொற்கள் தாளில் வேறு வேறாக இருக்கின்றன: ஒன்றில் t̬, இன்னொன்றில் d. இதைப் பார்க்கும் மாணவர் இரண்டு ஒலிகளையும் வேறுபடுத்திச் சொல்லப் பழகுகிறார். அதிலும் d-யைக் கண்டதும் நாம் நாக்கை மேலே மடித்து டகரமாகச் சொல்லிவிடுவோம். அமெரிக்கரின் நாக்கு அப்படி மடிவதில்லை. ஈறைத் தட்டிவிட்டுத் திரும்புவதோடு சரி.

கணினியில் எழுதும்போது t̬ இன்னொரு தொல்லையும் தரும். அது ஒரே எழுத்து அல்ல. t என்ற எழுத்தும் U+032C என்ற ஒட்டுக்குறியும் சேர்ந்தது. சில எழுத்துருக்களில் ஆப்பு பக்கத்து எழுத்தின் கீழே போய் நிற்கும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கும்போது காணாமலும் போகும். அது போய்விட்டால் மிஞ்சுவது சாதாரண t, பார்ப்பவருக்கு எந்தப் பிழையும் தெரியாது. t என்று தேடினால் t̬ உள்ள இடங்களும் சேர்ந்தே வரும். அச்சுக்குப் போகும் முன் ஆப்புகளை எண்ணிப் பார்ப்பது அவசியம் என்பது என் அனுபவம்.

மூன்றாவது வழி d. பட்டர் ‘படர்’ ஆகிறது என்று எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும் முறை. எந்த விசைப்பலகையிலும் அடிக்கலாம், விளக்கமே வேண்டாம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு ‘இது d போலக் கேட்கிறது’ என்பது உதவியான குறிப்பு. ஏனென்றால் அவர் வாயில் இரண்டு உயிர்களுக்கு இடையே வரும் d-யே வருடொலிதான். அவர் d என்று படித்தால் தானாகவே வருடிவிடுவார். நமக்கு அப்படி இல்லை. நம் ‘படம்’, ‘வீடு’ ஆகியவற்றில் நாக்கு பின்னோக்கி வளைகிறது. ‘படர்’ என்று எழுதினால் கொடி படர்வதுதான் நினைவுக்கு வரும், அந்த டகரம்தான் வாயிலும் வரும். ஆகவே தமிழருக்கான குறிப்பில் d-யைப் பரிந்துரைக்க எனக்கு மனம் இல்லை.

d-யின் இன்னொரு குறையைக் கனடாவிலிருந்து சொல்ல வேண்டும். எழுத்தாளரைக் குறிக்கும் ‘ரைட்டர்’, வண்டியோ குதிரையோ ஓட்டுபவரைக் குறிக்கும் ‘ரைடர்’ என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நடுவில் வருடல்தான். ஆனால் கனடியர் பலர் வாயில் இவை ஒன்றுபோல ஒலிப்பதில்லை. ‘ரைட்டர்’ [ˈrʌɪɾɚ], ‘ரைடர்’ [ˈraɪɾɚ]. வேறுபாடு மெய்யில் இல்லை, அதற்கு முன்னால் உள்ள உயிரில் இருக்கிறது. t-க்கு முன்னால் அந்த ஐகாரத்தின் தொடக்கம் வாயில் சற்று மேலே எழும்பிவிடுகிறது. இப்போது t போய் வருடல் வந்துவிட்டது, ஆனாலும் t இருந்ததற்கான அடையாளம் உயிரில் தங்கிவிட்டது. 1942-ல் மார்ட்டின் ஜூஸ் இந்தச் சிக்கலைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். 1973-ல் ஜாக் சேம்பர்ஸ் இந்த உயிர் மாற்றத்துக்குக் கனடிய எழுச்சி என்று பெயர் வைத்தார். அமெரிக்காவின் வடபகுதியிலும் பலரிடம் இதைக் கேட்கலாம்.

d முறையைப் பின்பற்றுபவர் வழக்கமாக இரண்டு சொல்லையும் ˈraɪdɚ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். t, d ஆகிவிட்டது, இரண்டும் ஒன்றாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவதால் உயிரைக் கவனிக்கவே தோன்றுவதில்லை. ஒலியைக் கேட்டு எழுதுபவருக்கு இது பெரிய இழப்பு. ஒரு கனடியரின் பதிவில் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதற்கான ஒரே தடயம் அந்த உயிர்தான்.

நான்காவது வழி ɾ. ஐபிஏ அட்டவணையில் தட்டொலி, வருடொலி இரண்டுக்கும் பொதுவான வரிசையில், பல்லீறு இடத்தில் இருக்கும் குறி இது. இரண்டையும் நுணுக்கமாகப் பிரிப்பவர்கள் உண்டு. இந்த வேலைக்கு அந்தப் பிரிவு தேவைப்படவில்லை. நடக்கும் ஒலியை உள்ளபடியே சொல்வது இந்த நான்கில் ɾ ஒன்றுதான். பட்டர் [ˈbʌɾɚ]. ஏணியும் ‘பின்னது’ம் இரண்டுமே [ˈlæɾɚ]. ஒரே ஒலிக்கு ஒரே குறி. தட்டச்சிலும் இது U+027E என்ற தனி எழுத்து, ஒட்டுக்குறி கழன்று விழும் பயம் இல்லை.

தமிழருக்கு இதில் கூடுதல் வசதி ஒன்று இருக்கிறது. ɾ என்பது நம் ரகரத்தின் ஐபிஏ குறியே. ‘மரம்’ என்ற சொல்லின் நடு ஒலியை அப்படியே கொண்டுபோய் வாட்டரின் நடுவில் வை என்று சொன்னால், டகரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். புதிதாக எதையும் பழக வேண்டாம், இருக்கும் ஒலியை இடம் மாற்றினால் போதும்.

அப்படியானால் தமிழ் எழுத்திலேயே ‘வாரர்’, ‘பரர்’ என்று எழுதிவிட்டால் என்ன என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் ஆங்கிலத்தின் சொந்த r-ஐயும் தமிழில் ரகரமாகத்தான் எழுதுகிறோம். அமெரிக்க r நாக்கு எங்கேயும் படாமல் சுருண்டோ குவிந்தோ நிற்கும் வேறு ஒலி. ‘பெட்டி’ என்ற பெண் பெயரை வருடலோடு ‘பெரி’ என்று எழுதினால், பழத்தைக் குறிக்கும் ‘பெர்ரி’யோடு அது கலந்துவிடுகிறது. அமெரிக்கருக்கோ இவை இரண்டும் ஒரு நாளும் கலக்காத சொற்கள். வாய்க்குச் சொல்லிக்கொடுக்கத் தமிழ் ரகரம் அருமையான வழி. எழுதி வைக்கும் குறியாக அது நிற்காது.

ɾ-இன் குறை ஒன்றே ஒன்று, ஆனால் சின்னதல்ல. அதைப் பார்த்து எந்தச் சொல் என்று திரும்பிப் போக முடியாது. [ˈlæɾɚ] ஏணியா, பின்னதா? குறி சொல்லாது. கேட்பவருக்கும் தெரியாது என்பதால் அந்த மௌனம் நேர்மையானதுதான். ஆனால் அகராதி பார்ப்பவருக்கு நேர்மை மட்டும் போதாது, சொல்லும் வேண்டும். போதாக்குறைக்கு ɾ பார்வைக்கு r போலவே இருக்கிறது. அவசரத்தில் படிப்பவர், அதிலும் ஐபிஏ பழகாதவர், அதை r என்றே வாசித்துவிடுவார். பழைய அமெரிக்க ஒலியியல் எழுத்துகளில் இதற்குப் பதில் பெரிய D போடுவதுண்டு. தட்டச்சுக்கு வசதி என்றாலும், d முறையைப் போலவே நம்மை டகரத்துக்கு இழுத்துப் போகும்.

நான்கையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெளியும். ‘கெட் எ பெட்டர் லேடர், பட் நாட் அட் த ஹோட்டல்.’ நல்ல ஏணி ஒன்று வாங்கு, ஆனால் ஹோட்டலில் வேண்டாம் என்று பொருள் கொள்ளலாம். பயிற்சிக்காக நான் கட்டிய வாக்கியம் இது.

```
t/d   /ɡɛt ə ˈbɛtɚ ˈlædɚ bʌt ˈnɑt æt ðə hoʊˈtɛl/
t̬      ɡɛt̬ ə ˈbɛt̬ɚ ˈlædɚ bət ˈnɑt̬ ət ðə hoʊˈtɛl
d      ɡɛd ə ˈbɛdɚ ˈlædɚ bət ˈnɑd ət ðə hoʊˈtɛl
ɾ     [ɡɛɾ ə ˈbɛɾɚ ˈlæɾɚ bəʔ ˈnɑɾ ət ðə hoʊˈtʰɛl]
```

இதில் t-யோ d-யோ ஏழு இடங்களில் வருகிறது. அவற்றில் நான்கு வருடல்: கெட், பெட்டர், லேடர், நாட். முதல் சொல்லிலும் ‘நாட்’ என்பதிலும் t சொல்லின் கடைசியில் இருக்கிறது. அடுத்த சொல் உயிரில் தொடங்குவதால் வருடல் வந்தது. ‘பட்’ என்பதற்குப் பின்னால் n என்ற மெய் வருகிறது, ஆகவே வருடல் கிடையாது. அங்கே பலரிடம் தொண்டையில் சட்டென்று காற்றை அடைக்கும் ஒலிதான் கேட்கும், அதற்குத்தான் ʔ. ‘அட் த’ என்ற இடத்திலும் பின்னால் மெய் இருப்பதால் t வெடிக்காமல் நின்றுவிடுகிறது. ஹோட்டலில் t இரண்டு உயிர்களுக்கு நடுவில் இருந்தும் வருடவில்லை, ஏனென்றால் பின் உயிரில்தான் முழு அழுத்தம். தமிழில் ‘ஹோட்டல்’ என்று முன்னால் அழுத்திப் பழகிய நமக்கு இந்தச் சொல் நல்ல பாடம். அழுத்தத்தை முன்னால் போட்டுவிட்டு வருடலையும் சேர்த்தால், அமெரிக்கருக்கு வேறு ஏதோ சொல் போலக் கேட்கும்.

இப்போது வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வரி ஏழு இடத்தையும் சொல்களாகக் காப்பாற்றியது, நான்கு வருடலையும் மறைத்தது. இரண்டாவது வரி மூன்று வருடலைக் காட்டியது, ஏணியில் உள்ளதை விட்டுவிட்டது. மூன்றாவது வரியில் நான்கும் ஒன்றுபோலத் தெரிகின்றன, ஆனால் வெடிக்கும் d-யாகத் தெரிகின்றன. ‘கெட்’ என்ற சொல்லின் t-யும் எழுத்திலிருந்து மறைந்துவிட்டது. நான்காவது வரியில் மட்டும்தான் நடந்தது நடந்தபடி இருக்கிறது. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆரம்ப மாணவர் ஒருவர் எழுத்துக்கூட்டலைத் தேட முடியாது.

பேச்சுப் பதிவுகளைக் குறியிடும் துறையில் இந்த விஷயத்தை வெகு காலம் முன்பே தீர்மானித்துவிட்டார்கள். 1980-களில் அமெரிக்காவில் 630 பேரின் குரலைப் பதிந்து உருவாக்கிய டிமிட் தொகுப்பில் வருடலுக்கு `dx` என்று தனிக்குறி கொடுத்தார்கள். மூக்கு வழியாக வரும் வருடலுக்கு `nx`. குளிர்காலத்தைக் குறிக்கும் ‘விண்டர்’ சாதாரணப் பேச்சில் ‘வின்னர்’ போல ஆவது இந்த மூக்கு வருடலால்தான். ஆனால் அதே தொகுப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் சொல் வரிசையைத் தனிக் கோப்பாகவும் வைத்தார்கள். ஒலிக்கு ஒரு கோப்பு, சொல்லுக்கு ஒரு கோப்பு. இரண்டையும் ஒரே குறியில் திணிக்கப் பார்க்கவில்லை. இதைப் பார்த்த பிறகுதான் என் குழப்பம் தீர்ந்தது.

ஆகவே நான் எடுத்த முடிவு இப்படி. சொற்பட்டியல், பாக்கெட் அகராதி போல ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் t̬ போடுகிறேன், கூடவே d-க்கும் d̬ என்று அதே ஆப்பைச் சேர்க்கிறேன். ஐபிஏ கணக்கில் d-க்குக் குரல்குறி போடுவது தேவையில்லாத வேலை என்பது தெரியும். இருந்தாலும் என் பட்டியலின் முன்னுரையில் ‘ஆப்பு என்றால் வருடல்’ என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். அதனால் ஏணியும் மற்றதும் ஒன்றாக ஒலிப்பவை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இடம் இருந்தால் இரண்டு வரி: மேலே சாய்கோட்டுக்குள் /t/ அல்லது /d/, கீழே சதுர அடைப்புக்குள் ɾ. பதிவைக் கேட்டு எழுதும் வேலை என்றால் ɾ மட்டுமே, பேச்சே இல்லை. d-யை நான் எங்கேயும் எடுத்துக்கொள்ளவில்லை.

பதிவைக் கேட்டு எழுதுபவருக்கு ஒரு எச்சரிக்கை. சொல் தெரிந்துவிட்டால் காது ஏமாற்றும். பட்டர் என்று தெரிந்தவுடன் t இருப்பதாகவே கேட்கும், விதி தெரிந்தவுடன் எல்லா இடத்திலும் வருடல் கேட்கும். சந்தேகம் வந்தால் ஒலியைப் படமாக்கிக் காட்டும் பிராட் மென்பொருளில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வருடல் என்றால் அலை சில மில்லிசெகண்ட் மட்டும் குனிந்து நிமிரும். அலைக்குக் கீழே உள்ள நிறமாலைப் படத்தின் அடியில் குரல் அதிர்வின் பட்டை அறுந்துபோகாமல் ஓடும், வெடிப்பின் செங்குத்துக் கோடு இருக்காது, அல்லது மிக மங்கலாக இருக்கும். உண்மையான t என்றால் நடுவில் வெண்மையான வெற்றிடம், பிறகு வெடிப்பு, அதன் பின் மூச்சின் சாம்பல் நிறச் சிதறல். இரண்டுக்கும் நடுவிலும் சில வரும். தட்டல் முழுமையாகாமல் நாக்கு ஈறுக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பும், அலை லேசாக மட்டும் தணியும். அதையும் நான் ɾ என்றே எழுதி, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.

கடைசியாக, பழைய குறிப்புகளை மாற்றுவது பற்றி. என்னிடம் t̬ போட்டு எழுதிய சொற்பட்டியல் ஒன்று இருந்தது. இரண்டு வரி முறைக்கு வந்ததும், கீழ் வரிக்காக எல்லா t̬-யையும் ɾ ஆக மாற்றச் சொல்லி ஒரே கட்டளை கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த வாரம் வகுப்பில் ஏணி வந்தபோதுதான் தெரிந்தது, அது இன்னும் [ˈlædɚ] என்றே இருந்தது. பக்கத்தில் ‘பின்னது’ [ˈlæɾɚ] ஆகியிருந்தது. ஆப்பு இல்லாத d-களை அந்தக் கட்டளை தொடவே இல்லை. அதனால் முன்பைவிட மோசமான பட்டியல் கிடைத்தது. முன்பாவது t̬ என்பது அகராதி வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம், இப்போது சதுர அடைப்புக்குள் இரண்டு வேறு ஒலிகள் என்று எழுதியிருந்தேன். d உள்ள சொற்களை எல்லாம் தனியாக வடிகட்டி, முன்னும் பின்னும் என்ன உயிர், அழுத்தம் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ‘ரெடி’, ‘பாடி’, ‘ஸ்டடி’, ‘மெடல்’ எல்லாம் ɾ ஆயின. நிலவறையைக் குறிக்கும் ‘டன்ஜன்’ போல சொல்லின் தொடக்கத்தில் d உள்ளவை அப்படியே இருந்தன. சொல் கடைசியில் d உள்ளவற்றைத் தனிப்பட்டியலில் வைத்தேன், ஏனென்றால் அடுத்த சொல் என்ன என்று தெரியாமல் அவற்றை முடிவு செய்ய முடியாது. மாற்றும் வேலையில் இருப்பவர்கள் முதலில் d-யிலிருந்து தொடங்குங்கள், t̬ தானாக வந்துவிடும்.